வேலைக்கு அனுப்பும் ஒரு நிமிட வீடியோ: வீட்டிலேயே எழுதி எடுக்க 26 குறிப்புகள்

கரூரில் இருக்கும் என் அக்கா மகள் பி.காம். முடித்தவள். ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஒன்றரை வருஷம் பில் பதிவு பார்த்தாள். திரைச்சீலை, மேஜை விரிப்பு ஏற்றுமதி செய்கிற ஒரு நிறுவனத்தில் கணக்கு உதவியாளர் வேலைக்கு எழுதிப் போட்டபோது, "ரெஸ்யூமோட உங்களைப் பத்தி ஒரு சின்ன வீடியோவும் அனுப்புங்க" என்று கேட்டுவிட்டார்கள். "சித்தி, பேரும் ஊரும் சொன்னதுக்கு அப்புறம் வாயே திறக்க மாட்டேங்குதுங்க" என்று எனக்குப் போன் செய்தாள்.

ஸ்டூடியோவுக்கெல்லாம் போகவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் வசனத்தை எழுதினோம், ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டிலேயே எடுத்து முடித்தோம். செலவு ஒரு ரூபாய் கிடையாது. அந்த அனுபவத்தில் கைக்கு வந்ததை இங்கே வரிசையாகக் கொடுக்கிறேன். ரெஸ்யூம் எழுதுவது உங்களுக்கே தெரியும் என்பதால் அதை விட்டுவிட்டு, வீடியோவில் என்ன பேசுவது என்பதில் அதிகம் நின்றிருக்கிறேன்.

எழுத உட்காரும்முன்

1. கேட்ட இடத்துக்கு மட்டும் வீடியோ அனுப்புங்கள். முதலாளியோ மேனேஜரோ தானே ரெஸ்யூம் பார்க்கிற சின்ன நிறுவனமாக இருந்தால், கேட்காவிட்டாலும் அனுப்பலாம். பெரிய நிறுவனங்களின் ஆன்லைன் படிவம் பெரும்பாலும் ரெஸ்யூம் கோப்பை மட்டும்தான் வாங்கிக்கொள்ளும். அங்கே வீடியோவுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழிக்க வேண்டாம்.

2. எத்தனை நிமிஷம் என்று அவர்கள் சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. சொல்லாவிட்டால் 60 முதல் 90 விநாடி போதும். நிதானமாகப் பேசினால் தமிழில் ஒரு நிமிஷத்துக்கு ஏறக்குறைய 100 சொல் போகும், ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். எழுதியதை ஸ்டாப்வாட்ச் வைத்து ஒரு தடவை வாய்விட்டுப் படித்தால் உங்கள் வேகம் தெரிந்துவிடும்.

3. வசனத்தை முதல் வரியிலிருந்து எழுத ஆரம்பித்தால் "என் பெயர்" என்பதிலேயே நின்றுபோகும். நடுப்பகுதியை, அதாவது நீங்கள் செய்து முடித்த ஒரு வேலையை, முதலில் எழுதுங்கள். அடுத்து முடிவு வரி, கடைசியில் அறிமுகம். நடுவில் என்ன சொல்லப்போகிறோம் என்று தெரிந்துவிட்டால், அறிமுகத்தில் எதைச் சொல்ல வேண்டும் என்பது தானாக வந்து விழும்.

4. பேனாவை எடுக்காமல், போனில் குரல் பதிவை ஓடவிட்டு வீட்டில் ஒருவரிடம் சொல்வது போலச் சொல்லிப் பாருங்கள். பிறகு அதைக் கேட்டு எழுதுங்கள். அக்கா மகள் காகிதத்தில் எழுதியது "நான் கடின உழைப்பாளி, குழுவாகப் பணியாற்றும் திறன் கொண்டவள்" என்று இருந்தது. என்னிடம் வாயால் சொன்னதோ "சித்தி, ஒரு மாசம் ஒன்பது பில் இடிச்சுதுங்க, உக்காந்து கண்டுபிடிச்சேன்" என்று இருந்தது. இரண்டாவதுதான் வசனம்.

5. எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு சோதனை: இதே வரியை அடுத்த வீட்டுப் பையன் வேறொரு வேலைக்கு அப்படியே சொல்ல முடியுமா? முடியும் என்றால் அடித்துவிடுங்கள். எங்கள் முதல் தாளில் பதினாறு வரி இருந்தது, இந்தச் சோதனையில் ஏழு போய்விட்டது.

அறிமுகம்: முதல் பன்னிரண்டு விநாடி

6. வணக்கம், எந்த வேலைக்கு, பெயர், ஊர், இதுவரை பார்த்த வேலை. இந்த வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள். வேலையின் பெயர் ஏன் இவ்வளவு முன்னால் என்றால், பார்ப்பவர் ஒரே நேரத்தில் மூன்று வேலைக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கலாம். எந்தக் கட்டில் உங்களைச் சேர்ப்பது என்று அவருக்கு முதல் மூச்சிலேயே தெரிந்துவிட வேண்டும்.

7. பிறந்த தேதி, அப்பா பெயர், வீட்டு முகவரி, எத்தனை பேர் கூடப் பிறந்தவர்கள், பத்தாம் வகுப்பு மார்க் எதுவும் வீடியோவில் வேண்டாம். நேரத்தைத் தின்பது ஒரு பக்கம். அனுப்பிய வீடியோ யார் யார் கைக்குப் போகும் என்பது நம் கட்டுப்பாட்டில் இல்லை என்பது இன்னொரு பக்கம். கேட்கிற மார்க் ரெஸ்யூமில் இருக்கிறது.

8. கல்யாணம், குழந்தை, உடம்பு சரியில்லாமை என்று நடுவில் வருஷங்கள் விட்டுப்போயிருந்தால், ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். "குழந்தைக்காக மூன்று வருஷம் வீட்டில் இருந்தேன், போன ஆறு மாதமாக மறுபடி டேலி பழகிவருகிறேன்" என்றால் போதும். மன்னிப்புக் கேட்கிற குரல் வேண்டாம். மறைக்கவும் வேண்டாம், ரெஸ்யூமில் தேதி பார்த்தாலே தெரிந்துவிடும்.

வேலை தெரியும் என்று காட்டுவது

9. ஒரே ஒரு திறமையைத் தேர்ந்தெடுங்கள். விளம்பரத்தில் டேலி, ஜி.எஸ்.டி., எக்செல், வங்கிக் கணக்கு ஒத்துப்பார்த்தல் என்று நான்கு கேட்டிருந்தார்கள். நான்கையும் சொல்ல வேண்டும் என்று அக்கா மகள் பிடிவாதம் பிடித்தாள். நான்கைச் சொன்னால் பட்டியல் ஆகிவிடும், பட்டியல் ரெஸ்யூமில் ஏற்கனவே இருக்கிறது. அந்த நிறுவனத்துக்கு மாதா மாதம் தலைவலி கொடுப்பது எதுவோ, அதைத் தேடி எடுத்தோம்.

10. கணக்குப் பிரிவில் அந்தத் தலைவலி மாதத்தின் நடுவில் வரும். நமக்குச் சரக்கு விற்றவர்கள் தாக்கல் செய்ததை வைத்து ஜி.எஸ்.டி. தளத்தில் 2பி என்ற பட்டியல் 14-ஆம் தேதி வந்து நிற்கும். மாதத் தாக்கல் செய்பவர்கள் 3பி படிவத்தை 20-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். 2பி-யில் வராத பில்லுக்கு உள்ளீட்டு வரியை எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் இந்த ஆறு நாளில் நம் கொள்முதல் கணக்கை 2பி-யோடு ஒத்துப்பார்த்துத் தருகிற கை எந்த நிறுவனத்துக்கும் வேண்டும். அக்கா மகள் நிஜமாகவே செய்து பழகிய வேலை அதுதான், அதையே எடுத்தோம். உங்கள் துறையிலும் இப்படி ஒரு நெருக்கடி நாள் கண்டிப்பாக இருக்கும், அதை யோசித்து எடுங்கள்.

11. சொல்லும்போது மூன்று படி: என்ன இடித்தது, நான் என்ன செய்தேன், கடைசியில் என்ன ஆனது. பெரும்பாலும் எல்லோரும் முதல் படியிலேயே அரை நிமிஷத்தைக் கரைத்துவிடுகிறார்கள். முதலுக்கு இரண்டு வரி, நடுவுக்கு நாலு வரி, கடைசிக்கு ஒரு வரி என்று பிரித்துக்கொண்டால் அளவு சரியாக வரும்.

12. மொத்த எண்ணைச் சொல்வதைவிட, அதை உடைத்துச் சொன்னால்தான் கேட்பவர் நம்புவார். "ஒன்பது பில் ஒத்துவரவில்லை, சரிசெய்தேன்" என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். "நாலில் பில் எண் தவறாகப் பதிவாகியிருந்தது, இரண்டு இரட்டைப் பதிவு, மூன்று சப்ளையர் தாக்கல் செய்யாதவை" என்று பிரித்துச் சொல்ல, அந்த வேலையில் உட்கார்ந்தவரால்தான் முடியும். முதல் இரண்டு வகையை நம் பக்கமே திருத்தலாம், மூன்றாவதை சப்ளையர்தான் திருத்த வேண்டும். அந்த வித்தியாசம் தெரிகிறதா என்றுதான் கணக்குத் தெரிந்தவர் காது கொடுத்துக் கேட்பார்.

13. "நாங்கள்" எது, "நான்" எது என்று பிரித்துப் பேசுங்கள். அக்கா மகள் பில்களைக் கண்டுபிடித்தாள், சப்ளையர்களுக்குப் போன் செய்தாள். தாக்கல் செய்தது அவளுடைய சீனியர். அதை அப்படியே சொல்லச் சொன்னேன். தாக்கலையும் தானே செய்ததாகச் சொல்லிவிட்டு, நேர்காணலில் அது சம்பந்தமாக ஒரு கேள்வி வந்தால் அவ்வளவு நேரம் சொன்னதும் சேர்ந்து போய்விடும்.

14. பழைய அலுவலகத்தின் கோப்பையோ வாடிக்கையாளர் பெயரையோ திரையில் காட்டவே கூடாது. அது அவர்கள் பொருள். போதாததற்கு, நாளைக்கு நம் கணக்கையும் இப்படித்தான் காட்டுவாள் என்று புது முதலாளி பயந்துவிடுவார். பன்னிரண்டு பில் கொண்ட ஒரு கற்பனைப் பட்டியலை எக்செலில் அரை மணி நேரத்தில் தட்டிக்கொள்ளுங்கள். சப்ளையருக்கு `S01`, `S02` என்று பெயர் வைத்தால் போதும். இது மாதிரிப் பட்டியல் என்று வசனத்திலும் சொல்லிவிடுங்கள்.

15. நாங்கள் செய்தது இதுதான். ஒரு தாளில் நம் கொள்முதல், `2B` என்று பெயரிட்ட இன்னொரு தாளில் 2பி பட்டியல். இரண்டிலும் A பத்தியில் சப்ளையர், B பத்தியில் பில் எண். நம் தாளில் ஓரமாக இந்த வரியைப் போட்டுக் கீழே இழுத்தால், 2பி-யில் இல்லாத பில்லுக்கு நேரே பூஜ்யம் வரும்.

```
=COUNTIFS('2B'!A:A,A2,'2B'!B:B,B2)
```

பில் எண்ணை மட்டும் வைத்துத் தேடினால் ஏமாந்துபோவோம். 47 என்ற எண்ணில் இரண்டு சப்ளையரிடமிருந்தும் பில் வரலாம், அதனால்தான் இரண்டு பத்தியும் சேர்த்துப் பார்ப்பது. பூஜ்யம் வந்ததெல்லாம் தாக்கல் ஆகாத பில் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கோட்டுக்குப் பதில் சாய்வுக்கோடு போட்டுப் பதிந்திருந்தாலும் பூஜ்யம்தான் வரும். இரட்டைப் பதிவு இந்த வரியில் சிக்காது. அதற்கு நம் தாளுக்குள்ளேயே எண்ணிப் பார்க்க வேண்டும், 2 வந்தால் இரண்டு தடவை ஏறியிருக்கிறது.

```
=COUNTIFS(A:A,A2,B:B,B2)
```

16. இதையெல்லாம் வீடியோவில் விளக்க வேண்டாம். பூஜ்யம் வந்த வரிகளுக்கு மஞ்சள் நிறம் கொடுத்து, எழுத்தைப் பெரிதாக்கி, பத்து விநாடி மட்டும் காட்டுங்கள். லேப்டாப் திரையைப் போனால் எடுத்தால் நெளி நெளியாகக் கோடு விழும். விண்டோஸ் 11 இருந்தால் அதிலேயே இருக்கும் `Snipping Tool` திரையைப் பதிவு செய்துகொடுக்கும், காசு இல்லை.

17. டேலியைக் காட்ட நினைப்பவர்கள், அதை உரிமம் வாங்காமல் கல்விக்கான முறையில் திறந்து பழகலாம். அதில் மாதத்தின் சில தேதிகளில் மட்டும்தான் பதிவு போட முடியும். தேதிகளைப் பார்த்ததுமே கணக்குத் தெரிந்தவருக்கு இது பழகிய கணக்கு என்று புரிந்துவிடும். எனவே "பழகுவதற்காகப் போட்ட கணக்கு" என்று நாமே முந்திச் சொல்லிவிடுவது நல்லது.

18. கம்ப்யூட்டர் வேலை இல்லாதவர்களுக்கு இது இன்னும் சுலபம், கைவேலையே சாட்சி. தையல் வேலைக்குப் போகிறவர் உடுப்பின் வெளிப்பக்கத்தைக் காட்டாமல், திருப்பி உள்பக்கத் தையலைக் காட்ட வேண்டும்; துணி தெரிந்தவர் பார்ப்பது அதைத்தான். இப்போதுதான் படித்து முடித்தவர்கள் கல்லூரி புராஜெக்டையே இதே மூன்று படியில் சொல்லலாம், அதில் தன் பங்கு எது என்பதை மட்டும் மறக்காமல் சொல்ல வேண்டும்.

முடிவு வரி

19. "ஒரு வாய்ப்புக் கொடுத்தால் என்றும் நன்றியோடு இருப்பேன்", "என்னால் முடிந்தவரை முயற்சி செய்வேன்", "செய்ய முடியும் என்று நினைக்கிறேன்" — இந்த மூன்றையும் எங்கே கண்டாலும் எடுத்துவிடுங்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறோம். ஆனாலும் அவ்வளவு நேரம் எண்ணோடு பேசிவிட்டு, கடைசியில் கை நீட்டுவது போல ஆகிவிடுகிறது. அதற்கு நேர் எதிராக "உங்கள் நிறுவனத்தை முதலிடத்துக்குக் கொண்டுவருவேன்" என்பதும் வேண்டாம். கணக்கு உதவியாளர் கையில் அது இல்லை.

20. உறுதியாகத் தெரிய வேண்டும் என்றால், சோதித்துப் பார்க்க அவர்களைக் கூப்பிடுங்கள். "உங்கள் கொள்முதல் பட்டியலில் ஒரு மாதத்தைக் கொடுங்கள், உங்கள் முன்னால் உட்கார்ந்து ஒத்துப் பார்த்துக் காட்டுகிறேன்." இதுதான் நாங்கள் எழுதிய முடிவு வரி. இதில் பெருமை எதுவும் இல்லை, ஆனால் வேலை தெரியாதவர் வாயில் இது வராது. கூடவே எப்போது வர முடியும் என்று ஒரு வரி சேருங்கள். இப்போது வேறெங்காவது வேலையில் இருந்தால் எத்தனை நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்பதையும் உள்ளபடி சொல்லிவிடுங்கள். ஒன்று சொல்ல வேண்டும்: இந்த வரியை எழுதினால் அவர்கள் நிஜமாகவே பட்டியலை நீட்டுவார்கள். அக்கா மகளுக்கு அதுதான் நடந்தது. நேர்காணலில் நாற்பது வரியை அச்சடித்துக் கொடுத்து, ஒரு லேப்டாப்பையும் நகர்த்தி வைத்தார்கள். அவள் பழகிப்போயிருந்ததால் பயப்படவில்லை.

21. முழு வசனத்தையும் கீழே கொடுத்திருக்கிறேன், ஏறக்குறைய 75 விநாடி ஓடும். அப்படியே காப்பியடிக்க வேண்டாம், நடுப்பகுதி உங்களுடையதாக இருந்தால்தான் கேள்விக்குப் பதில் வரும். எண்களைச் சொல்லிப் பழக வசதியாக எழுத்தில் எழுதிக்கொண்டோம்.

"வணக்கம். கணக்கு உதவியாளர் வேலைக்கு விண்ணப்பித்திருக்கும் (பெயர்) பேசுகிறேன், ஊர் கரூர். பி.காம். முடித்து, ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஒன்றரை வருஷம் டேலியில் பில் பதிவு பார்த்தேன்.

"அங்கே ஒரு வாடிக்கையாளருக்கு மாதம் இருநூறு கொள்முதல் பில்லுக்கு மேல் வரும். ஒரு மாதம் எங்கள் கணக்கும் 2பி பட்டியலும் ஒத்துவரவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்ததில் ஒன்பது பில் இடித்தது. நாலில் பில் எண் தவறாகப் பதிவாகியிருந்தது, இரண்டு இரட்டைப் பதிவு; ஆறையும் அன்றே திருத்தினேன். மிச்சம் மூன்றை சப்ளையர் தாக்கல் செய்யவில்லை. மூன்று பேருக்கும் போன் செய்து சொன்னேன். அந்த வரியை அந்த மாதம் எடுக்காமல் தனியாகக் குறித்து சீனியரிடம் கொடுத்தேன். இருபதாம் தேதிக்கு நாலு நாள் முன்பே பட்டியல் தயார்.

"இது ஒரு மாதிரிப் பட்டியல், பெயர், எண் எல்லாம் கற்பனை. மஞ்சள் வரிகள்தான் 2பி-யில் இல்லாத பில்கள்.

"உங்கள் கொள்முதல் பட்டியலில் ஒரு மாதத்தைக் கொடுங்கள், உங்கள் முன்னால் உட்கார்ந்து ஒத்துப் பார்த்துக் காட்டுகிறேன். அழைத்த மறுநாளே வர முடியும். நன்றி."

எடுக்கும்போது

22. ஜன்னல் உங்கள் முகத்துக்கு எதிரே இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துவிடும். போனைக் கண் உயரத்துக்குக் கொண்டுவர மேஜை மேல் அரிசி டப்பா, அதன் மேல் நாலு புத்தகம். லென்ஸைப் பழைய காட்டன் வேட்டித் துணியால் துடைத்துவிட்டு, பின்பக்க கேமராவில் எடுங்கள். பெரும்பாலான போன்களில் அதுதான் தெளிவு. படம் சுமாராக இருந்தாலும் பார்ப்பார்கள், குரல் எதிரொலித்தால் நிறுத்திவிடுவார்கள். அதனால் மின்விசிறியை அணைத்து, பக்கத்து வீட்டுக் குக்கர் அடங்கிய நேரமாகப் பார்த்து, எதிர்ச் சுவரில் ஒரு கனமான போர்வையைத் தொங்கவிடுங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போட மறக்க வேண்டாம்.

23. முழு வசனத்தைப் பார்த்துப் படித்தால் கண் இடமும் வலமும் ஓடுவது அப்படியே தெரியும். மனப்பாடமும் வேண்டாம், ஒரு சொல் மறந்தால் எல்லாம் நின்றுவிடும். "ஒன்பது, நாலு, இரண்டு, மூன்று, நாலு நாள்" என்று எண்களை மட்டும் அக்கா மகள் ஒரு சின்னத் துண்டில் பெரிய எழுத்தில் எழுதி லென்ஸுக்கு ஒட்டினாற்போல் கீழே ஒட்டிக்கொண்டாள். எண் கண்ணில் பட்டால் கதை தானாக வந்துவிடும்.

24. அறிமுகம், நடுப்பகுதி, முடிவு என்று மூன்று துண்டாக எடுத்து ஒட்டுங்கள். அடுத்த நிறுவனத்துக்கு அனுப்பும்போது அறிமுகத்தையும் முடிவையும் மட்டும் மாற்றினால் போதும், நடுப்பகுதி அப்படியே இருக்கும். அதற்காக அன்று போட்ட உடுப்பையும் உட்கார்ந்த இடத்தையும் மணியையும் குறித்து வையுங்கள், வெளிச்சம் மாறினால் ஒட்டு தெரியும். ஒட்டுவதற்கு இலவசச் செயலி போதும், மூலையில் அதன் பெயர் விழாமல் மட்டும் பாருங்கள். கடைசி வரியில் குரல் தானாகத் தாழ்ந்துவிடும், அந்தத் துண்டை மட்டும் கூடுதலாக இரண்டு தடவை எடுங்கள். "நன்றி" சொன்னதும் கையைப் போனுக்கு நீட்டாமல் இரண்டு விநாடி அப்படியே இருந்தால், வெட்டுவதற்கும் இடம் கிடைக்கும்.

அனுப்பும்போதும் அதன் பிறகும்

25. கோப்புக்கு `Accounts_Assistant_Name_Karur.mp4` என்பது போலப் பெயர் கொடுங்கள். கேமரா போட்ட எண்ணோடு போனால் அவர்கள் போனில் தொலைந்துவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் தரம் குறைந்து எக்செல் எழுத்து மங்கிவிடும், ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். கூகுள் டிரைவ் இணைப்பு என்றால் `Restricted` என்பதை `Anyone with the link` என்று மாற்றிவிட்டு, வீட்டில் இன்னொருவர் போனில் திறந்து பார்த்த பிறகே அனுப்ப வேண்டும். நாங்கள் முதலில் மாற்றாமலே அனுப்பிவிட்டோம். அங்கிருந்து "திறக்கவில்லை" என்று செய்தி வந்தபோதுதான் தெரிந்தது. எல்லோரும் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

26. வீடியோ பார்த்தோம், வேலை உறுதி, பதிவுக் கட்டணம் அனுப்புங்கள் என்று யாராவது கேட்டால், அத்துடன் நிறுத்திவிடுங்கள். பணம் கொடுத்து ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள், `cybercrime.gov.in` தளத்திலும் புகார் கொடுக்கலாம். வேலை கிடைத்த பிறகு டிரைவ் இணைப்பை மறுபடி `Restricted` ஆக்கிவிடுங்கள். உங்கள் முகமும் குரலும் அதில் இருக்கிறது. மாற்றாமல் விட்டால் இணைப்பு எத்தனை வருஷமானாலும் திறந்தே கிடக்கும்.